எத்தனை அக்கா? இரண்டு கமா சொல்லும் கணக்கு

"மை சிஸ்டர், ஹூ லிவ்ஸ் அப்ராட், இஸ் கமிங் டுமாரோ." ஆங்கிலத்தில் இப்படி ஒருவர் எழுதுகிறார். அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள், நாளை வருகிறாள். நடுவில் இருக்கும் இரண்டு கமாக்களையும் எடுத்துவிட்டு அதே வாக்கியத்தைப் படியுங்கள். ஒரு சொல்லும் மாறவில்லை, சொற்களின் வரிசையும் மாறவில்லை. ஆனால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் கமா உள்ள வாக்கியத்தைப் பார்த்தால், "இவருக்கு ஒரே அக்காதான் போலிருக்கிறது" என்று எடுத்துக்கொள்வார். கமா இல்லாததைப் பார்த்தால், "உள்ளூரில் இன்னொரு அக்காவும் இருக்கிறாள். வருவது வெளிநாட்டுக்காரி" என்று எடுத்துக்கொள்வார். குடும்பத்தில் எத்தனை பேர் என்று யாரும் சொல்லவில்லை. கமா சொல்லிவிட்டது.

காற்புள்ளி என்றால் படிக்கும்போது மூச்சு விடும் இடம் என்றுதான் பள்ளியில் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பாடம் இந்த இடத்தில் உதவாது. 'ஹூ', 'விச்' என்று தொடங்கும் தொடரின் இருபுறமும் வரும் கமாக்களுக்கு மூச்சோடு சம்பந்தம் குறைவு. அவை படிப்பவருக்கு ஒரு செய்தி சொல்கின்றன: "யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நடுவில் வருவது அந்த ஆளைப் பற்றிய கூடுதல் தகவல்." கமா இல்லையென்றால் செய்தி வேறு: "யாரைச் சொல்கிறேன் என்பது இந்தத் தொடரைப் படித்தால்தான் தெரியும். பலரிலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்டவே இதை எழுதியிருக்கிறேன்."

அக்காவின் எண்ணிக்கை இதிலிருந்து கிடைக்கும் ஊகம்தான், நேரடிப் பொருள் அல்ல. மூன்று அக்காக்கள் உள்ள ஒருவர், பெரிய அக்காவைப் பற்றியே இரண்டு பத்தி எழுதிவிட்டு மூன்றாவது பத்தியில் கமாவோடு எழுதினாலும் தவறில்லை. எந்த அக்கா என்பது அதற்குள் படிப்பவருக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை பேர் என்பதைவிட, ஆள் முன்பே அடையாளமாகிவிட்டாரா என்பதுதான் கேள்வி.

குடும்ப விஷயத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. அலுவலகச் சுற்றறிக்கையில் வந்தால் தெரியும். நாற்பது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஆறு பேருக்கு மட்டும் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். மேலாளர் அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் ஒரு வரி ஒட்டுகிறார்: "தி எம்ப்ளாயீஸ் ஹூ ரிசீவ்ட் த நோட்டீஸ் மஸ்ட் ரிப்போர்ட் ஆன் மண்டே." கமா இல்லை. நோட்டீஸ் வாங்கிய ஆறு பேர் திங்களன்று வரவேண்டும், மற்ற முப்பத்து நான்கு பேருக்கும் இதில் வேலையில்லை.

தட்டச்சு செய்தவர் வாக்கியம் நீளமாக இருக்கிறதே என்று 'எம்ப்ளாயீஸ்' என்ற சொல்லுக்குப் பின்னும் 'நோட்டீஸ்' என்ற சொல்லுக்குப் பின்னும் ஒரு கமா போட்டுவிட்டார். இப்போது அந்த வரி இரண்டு காரியம் சொல்கிறது. ஊழியர்கள் அனைவரும் திங்களன்று வரவேண்டும் என்பது ஒன்று. அவர்கள் அனைவருக்கும் நோட்டீஸ் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவது, நாற்பது பேரையும் வரவழைக்கும். இரண்டாவது, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறது. நோட்டீஸ் வாங்காத ஒருவர் அதைப் படித்துவிட்டு, "எனக்கு எப்போது கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதைச் சரிபார்க்க ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் ஒரு சோதனை சொல்லும். நடுவில் உள்ள தொடரை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படிக்கவேண்டும். சொல்லவந்த செய்தி அப்படியே நின்றால் கமா போடலாம். குலைந்தால் போடக்கூடாது. மேலே உள்ள வரியில் தொடரை மறைத்தால், "ஊழியர்கள் திங்களன்று வரவேண்டும்" என்று மிஞ்சுகிறது. மேலாளர் சொல்லவந்தது அது அல்ல. ஆகவே கமா கூடாது. சோதனை நல்லதுதான், ஆனால் பலர் இதைத் தவறாகச் செய்கிறார்கள். தொடரை எடுத்த பிறகும் வாக்கியம் இலக்கணப்படி முழுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அது எப்போதும் முழுமையாகத்தான் இருக்கும். பார்க்கவேண்டியது, மீதியுள்ள வாக்கியம் இன்னும் உண்மையா, யாரைக் குறிக்க நினைத்தீர்களோ அவர்களையே குறிக்கிறதா என்பதை.

இதெல்லாம் ஆங்கிலத்துக்கே உரிய சங்கடம், நமக்கு எதற்கு என்று தோன்றலாம். இந்த வேறுபாட்டைப் பெயர் வைத்துப் பிரித்துப் பேசியது நம்முடைய இலக்கணம். நன்னூலில் பவணந்தி முனிவர், பெயருக்கு முன்னால் வரும் அடைமொழிகளை இனமுள்ள அடை என்றும் இனமில்லா அடை என்றும் இரண்டாகப் பகுக்கிறார். செந்தாமரை என்னும்போது வெண்தாமரையும் உண்டு. 'செம்மை' என்ற அடை அதிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுகிறது. அது இனமுள்ள அடை. வெண்திங்கள் என்னும்போது கருந்திங்கள் என்று வேறொன்று இல்லை. பிரித்துக் காட்ட ஒன்றுமில்லாத இடத்தில் வந்து, திங்களின் தன்மையை மட்டும் சொல்கிறது. அது இனமில்லா அடை. உப்பளம் என்பதையும் இந்த வகையிலேயே சேர்ப்பார்கள். உப்பு விளையாத அளம் ஏது?

தொல்காப்பியம் இதில் இன்னும் கண்டிப்பானது. இனத்தைச் சுட்டாத அடை செய்யுளுக்கு ஆகும், பேச்சு வழக்குக்கு ஆகாது என்பது அதன் நிலை. நன்னூல் காலத்துக்குள் மொழி மாறியிருக்கிறது. இரண்டு வழக்கிலும் இரண்டும் வரும் என்று பவணந்தியார் ஒப்புக்கொள்கிறார். ஆங்கிலக்காரர்கள் கமா போட்டுக் காட்டும் அக்கா இனமில்லா அடை பெற்றவள், கமா போடாத அக்கா இனமுள்ள அடை பெற்றவள். இப்படிச் சொன்னால் நம்மவர்களுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். ஆங்கில வகுப்பில் ஏன் யாரும் இப்படிச் சொல்லித் தருவதில்லை என்று எனக்கு வியப்பாக இருக்கிறது.

பிறகு ஏன் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஆங்கிலம் எழுதும்போது இந்தக் கமா இவ்வளவு தகராறு செய்கிறது? காரணம் நம் வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. "வெளிநாட்டில் இருக்கும் என் அக்கா நாளை வருகிறாள்" என்கிறோம். பெயரெச்சம் பெயருக்கு முன்னாலேயே வந்து ஒட்டிக்கொள்கிறது. 'இருக்கும்' என்ற சொல்லுக்கும் 'என் அக்கா'வுக்கும் நடுவே கமா போட யாருக்கும் கை வராது, போட்டாலும் பொருள் மாறாது. ஒரே அக்காவா, பல அக்காக்களில் ஒருத்தியா என்பது எழுத்தில் தெரியவே தெரியாது. அடையில் இரண்டு வகை உண்டு என்று நம் இலக்கணம் அறிந்திருக்கிறது, ஆனால் அதை எழுத்தில் காட்டத் தமிழ் ஒரு குறி வைத்துக்கொள்ளவில்லை.

குறி இல்லாவிட்டாலும் வேலை நடக்கிறது. பல அக்காக்களில் ஒருத்தியைச் சொல்லவேண்டுமென்றால், "வெளிநாட்டில் இருக்கிறாளே, அந்த அக்கா" என்போம், அல்லது "வெளிநாட்டில் இருக்கிறவள்தான் வருகிறாள்" என்போம். 'அந்த' என்ற சுட்டும் 'தான்' என்ற இடைச்சொல்லும் ஆளைப் பிரித்துக் காட்டும் வேலையைச் செய்துவிடுகின்றன. ஒரே அக்கா என்றால், "அக்கா நாளைக்கு வருகிறாள். வெளிநாட்டில் இருக்கிறாள், தெரியுமில்லையா?" என்று இரண்டு வாக்கியமாக உடைப்போம். இயற்பெயர் வந்துவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை. "துபாயில் இருக்கும் கமலா" என்றால், நமக்குத் தெரிந்த கமலா ஒருத்தியாக இருக்கும்வரை அந்த அடை தானாகவே இனமில்லா அடை.

மொழிபெயர்ப்பாளர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் கமாவுக்குள் இருப்பதையும் கமா இல்லாமல் இருப்பதையும் ஒரேமாதிரி பெயரெச்சமாக்கி முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். "தி ஃபார்மர்ஸ், ஹூ ஹேட் லாஸ்ட் தெர் கிராப்ஸ், காட் ரிலீஃப்" என்று ஒரு செய்தி வருகிறது. விவசாயிகள் எல்லோருக்கும் பயிர் போயிற்று, எல்லோருக்கும் நிவாரணம் கிடைத்தது என்பது அதன் பொருள். "பயிரை இழந்த விவசாயிகளுக்கு நிவாரணம் கிடைத்தது" என்று எழுதினால், இழக்காதவர்களும் சிலர் இருந்தார்கள், அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று தமிழ் வாசகர் படித்துக்கொள்ள இடம் இருக்கிறது. "விவசாயிகள் பயிரை இழந்திருந்தார்கள். அவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது" என்று இரண்டாக உடைத்தால் குழப்பம் தீர்ந்தது. கமாவைத் தமிழில் முற்றுப்புள்ளியாக மொழிபெயர்ப்பதுதான் பெரும்பாலும் சரி.

எதிர்த்திசையில் போகும்போது தவறு வேறு விதமாக நடக்கிறது. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, நிறுத்தம் வரும் இடத்தில் கமா போடுகிறார்கள். பொதுவாக ஒரு கமா மட்டும் விழும், இரண்டாவது விழாது. "மை சிஸ்டர் ஹூ லிவ்ஸ் இன் சிங்கப்பூர், இஸ் கமிங்" என்று எழுதியிருப்பதை எத்தனையோ விண்ணப்பக் கடிதங்களில் பார்க்கலாம். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே குறுக்கே நிற்கும் அந்த ஒற்றைக் கமா எந்தப் பொருளையும் தராது. இது ஜோடியாக வரும் குறி. ஒன்று திறக்கிறது, மற்றது மூடுகிறது. இரண்டும் வேண்டும், அல்லது இரண்டுமே வேண்டாம். வாக்கியத்தின் கடைசியில் அந்தத் தொடர் வந்தால் மட்டும் இரண்டாவது கமாவின் இடத்தை முற்றுப்புள்ளி எடுத்துக்கொள்ளும்.

'தட்' என்ற சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கமாவுக்குள் அடங்கும் கூடுதல் தகவலை இன்றைய ஆங்கிலத்தில் 'தட்' போட்டுத் தொடங்கமாட்டார்கள், 'விச்' அல்லது 'ஹூ'தான். கமா இல்லாத இடத்தில் 'தட்'டும் வரலாம், 'விச்'சும் வரலாம். பிரித்துக் காட்டுவதற்கு 'தட்', கூடுதல் தகவலுக்கு 'விச்' என்று கறாராகப் பங்கு பிரித்தால் மொழி தெளிவாகும் என்று ஃபவுலர் 1926-ல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் யோசனை சொன்னார். அமெரிக்கப் பதிப்பாளர்கள் அதை விதியாக்கிக்கொண்டார்கள். பிரிட்டனில் அவ்வளவாகப் பின்பற்றவில்லை.

கமாவுக்குள் இருக்கும் தகவலுக்கு இன்னொரு குணம் உண்டு. அதை எளிதில் மறுக்க முடியாது. யாராவது உங்களிடம், "மேயர், மூன்று வழக்குகளைச் சந்தித்துக்கொண்டிருப்பவர், நாளை பூங்காவைத் திறக்கிறார்" என்று சொல்கிறார் என்று வையுங்கள். நீங்கள் "பொய்" என்று சொன்னால், மேயர் பூங்காவைத் திறக்கவில்லை என்று நீங்கள் சொல்வதாகத்தான் ஆகும். வழக்கு விஷயம் உங்கள் மறுப்பில் சிக்காமல் தப்பிவிடுகிறது. அதை மறுக்க வேண்டுமானால், "இருங்கள், மூன்று வழக்கு என்று யார் சொன்னது?" என்று பேச்சையே நிறுத்திக் கேட்கவேண்டும். கேள்வியாக மாற்றினாலும் இதே கதைதான். "வெளிநாட்டில் இருக்கும் உன் ஒரே அக்கா நாளைக்கு வருகிறாளா?" என்று கேட்டால், வருகிறாளா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. அவள் வெளிநாட்டில் இருப்பது முடிந்துபோன விஷயமாகவே நிற்கிறது.

மொழியியலாளர் கிறிஸ்டோபர் பாட்ஸ் 2005-ல் வெளியிட்ட புத்தகம் முழுக்க இந்த வகைப் பொருளைப் பற்றியது. ஒரே வாக்கியத்தில் இரண்டு தளங்களில் செய்தி போகிறது, கமாவுக்குள் இருப்பது முதன்மைச் செய்தியோடு கலக்காமல் தனித்தளத்தில் நிற்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். பத்திரிகையாளர்களும் அரசியல்வாதிகளும் இந்த ரகசியத்தை இலக்கணம் படிக்காமலே அறிந்து வைத்திருக்கிறார்கள். நிரூபிக்கக் கடினமான ஒன்றை வாக்கியத்தின் நடுவில் போகிற போக்கில் செருகினால், படிப்பவர் அதைக் கேள்வி கேட்காமல் விழுங்கிவிடும் வாய்ப்பு அதிகம். செய்தி படிக்கும்போது வினைச்சொல்லை விட்டுவிட்டு, இரண்டு கமாக்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பது நல்ல பழக்கம்.

கமா பணத்தையும் தொட்ட ஒரு வழக்கு கனடாவில் நடந்தது. ரோஜர்ஸ் என்ற கேபிள் நிறுவனம் தன் கம்பிகளைக் கொண்டுசெல்ல, ஏலியண்ட் என்ற தொலைபேசி நிறுவனம் நிர்வகித்த கம்பங்களை வாடகைக்கு எடுத்தது. 2002-ல் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் ஒரு வரியில் மூன்று துண்டுகள் இருந்தன. ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு நடப்பில் இருக்கும் என்பது முதல் துண்டு. அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகத் தொடரும் என்பது இரண்டாவது. ஏதாவது ஒரு தரப்பு ஓராண்டு முன்னதாக எழுத்தில் அறிவித்து முறித்துக்கொண்டால் தவிர என்பது மூன்றாவது. இரண்டாவது துண்டுக்கு முன்னால் ஒரு கமா, பின்னால் ஒரு கமா.

முதல் ஐந்து ஆண்டுகளுக்கு யாரும் அசைக்க முடியாது, முறித்துக்கொள்ளும் உரிமை அதற்குப் பிறகு வரும் நீட்டிப்புக்குத்தான் என்று ரோஜர்ஸ் நம்பியிருந்தது. ஏலியண்ட் 2005-லேயே ஓராண்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டது. வாடகை ஏறப்போகிறது என்பதால் ரோஜர்ஸ் எதிர்த்தது. விவகாரம் கனடாவின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையத்திடம் போனது. ஆணையம் 2006-ல் கமாவைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. இரண்டாவது துண்டு இரண்டு கமாக்களுக்குள் அடைபட்டிருக்கிறது, ஆகவே அதைத் தூக்கிவிட்டுப் படிக்கலாம். தூக்கிவிட்டால், "ஐந்து ஆண்டுகளுக்கு நடப்பில் இருக்கும், ஓராண்டு நோட்டீஸில் முறித்துக்கொண்டால் தவிர" என்று நேராக வருகிறது. முறிக்கும் உரிமை முதல் ஐந்து ஆண்டுகளுக்கும் பொருந்தும். இரண்டாவது கமா மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த நிபந்தனை நீட்டிப்போடு மட்டும் ஒட்டியிருக்கும். ரோஜர்ஸுக்குச் சுமார் 20 லட்சம் கனேடிய டாலர் கூடுதல் செலவாகும் என்று அப்போது செய்தி வந்தது.

ரோஜர்ஸ் அத்தோடு விடவில்லை. கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகள். ஆணையம் ஒப்புதல் தந்திருந்த மாதிரி ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு வடிவமும் இருந்தது. அதில் வாக்கியம் வேறு விதமாக அமைந்ததால், முறிக்கும் உரிமை நீட்டிப்புக் காலத்துக்குத்தான் என்பது ஐயமின்றித் தெரிந்தது. 2007-ல் ஆணையம் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்து, ரோஜர்ஸ் படித்த பொருளே சரி என்று தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஒரு மொழியில் கமா உண்டாக்கிய சிக்கலை இன்னொரு மொழியின் வாக்கிய அமைப்பு தீர்த்தது.

நம் உச்ச நீதிமன்றமும் இந்த விஷயத்தில் கருத்துச் சொல்லியிருக்கிறது. 1952-ல் அஸ்வினி குமார் கோஷ் வழக்கில், சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தக்குறி சிறிய அம்சம்தான் என்று கூறப்பட்டது. கவனமாகக் குறியிட்ட சட்டத்தில் பொருள் ஐயமாக இருந்தால் குறிக்கும் மதிப்புக் கொடுக்கலாம் என்பதும் அதோடு சேர்ந்தது. அதாவது, நீங்கள் போட்ட கமாவை நீதிபதி மதிக்கவும் செய்யலாம், மதிக்காமலும் போகலாம்.

ஆகவே கடிதத்திலும் கட்டுரையிலும் கமாவை நம்பி எழுதுங்கள். உயில், குத்தகை, பிரமாணப் பத்திரம் என்று வந்தால் நம்பாதீர்கள். "வெளிநாட்டில் வசிக்கும் என் மகளுக்கு" என்று எந்த மொழியிலும் எழுதாமல், "எனக்கு மூன்று மகள்கள்" என்று முதலில் ஒரு வாக்கியம் எழுதி முற்றுப்புள்ளி வையுங்கள். அடுத்த வாக்கியத்தில் யாருக்கு என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.